ஒரே எலெக்ட்ரீஷியன், ஒரே வாரம், இரண்டு வேலை

முதல் வாரம் வீட்டின் பூச்சு முடிகிறது. இரண்டாம் வாரம் அறைகளில் வயர் இழுக்க வேண்டும், மோட்டாரும் மாட்ட வேண்டும். தலைக்கு ஒரு வாரம். எலெக்ட்ரீஷியனோ ஒருவர்தான். வயருக்குப் பின் பெயின்ட் இரண்டு வாரம். கெடு நான்காம் வார இறுதி. மோட்டாருக்குப் பின் குழாய்ச் சோதனை ஒரு வாரம்தான், அதனால் அங்கே ஒரு வாரம் மிச்சம். மோட்டாரை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளினால் கெடு அசையாது. இதுதான் ‘ஸ்மூத்திங்’. ஆனால் மிச்சம் கரைந்துவிட்டது. இனி மோட்டார் ஒரு நாள் பிந்தினாலும் கெடு தவறும்.

சோதனைக்கே இரண்டு வாரம் ஆகுமென்றால்? மிச்சம் எங்குமில்லை. எதைத் தள்ளினாலும் ஐந்தாம் வாரம்தான். ஆள் ஒருவரே என்று ஏற்றுக் கெடுவை நகர்த்துவது ‘லெவலிங்’. கெடுவும் நகரக் கூடாதென்றால் இன்னொரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.