தார் ஷீட்: மழைநீர் நுழைவது ஓரத்தில்

மொட்டை மாடியில் தார் ஷீட் ஒட்டிய பிறகும் ஒழுகினால், ஷீட்டின் நடுவில் ஓட்டையைத் தேட வேண்டாம். ஒரு ஷீட் இன்னொன்றின் மேல் ஏறும் ஓவர்லேப்பை முதலில் பாருங்கள்.

6 மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் உள்ள மாடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ரோல் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். ஆறு ரோல் போதும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு ஷீட்டும் பக்கவாட்டில் முந்தையதன் மேல் 10 செ.மீ. ஏற வேண்டும். அதனால் முதல் ஷீட்டுக்குப் பிறகு வருபவை தலைக்கு 90 செ.மீ.தான் மூடும், தரைக்கு மட்டும் ஏழு ரோல் ஆகும். கைப்பிடிச் சுவரில் 15 செ.மீ.யாவது ஏற்றுவதற்கு இன்னொன்று வேண்டும். ஆறில் முடித்துத் தருகிறேன் என்பவர் ஓவர்லேப்பில்தான் கைவைக்கிறார்.

முதல் ஷீட்டை மழைநீர்க் குழாய் இருக்கும் தாழ்வான பக்கத்தில், வாட்டத்துக்குக் குறுக்காக விரிக்க வேண்டும். மேட்டுப் பக்கத்து ஷீட் அதன் மேல் ஏறினால்தான் நீர் இணைப்பைத் தாண்டி வழியும். ஓவர்லேப்பில் மேல் ஷீட்டின் அடிப்புறம், கீழ் ஷீட்டின் மேற்புறம் இரண்டுமே உருக வேண்டும். அழுத்தும்போது விளிம்பு நெடுக அரை முதல் ஒரு செ.மீ. அளவுக்குத் தார் பிதுங்கி வந்தால் சூடு சரி. ஆறிய பின் கரணை நுனியை விளிம்பில் செலுத்திப் பாருங்கள். நுனி உள்ளே போகும் இடம் ஒட்டாத இடம். அங்கே மறுபடி சூடாக்கி அழுத்த வேண்டும். உள்ளிருக்கும் பாலியஸ்டர் துணி வெளியே தெரிந்தால் சூடு மிகுந்துவிட்டது. அந்த இடத்தின் மேல் புதிய துண்டு ஒட்டியே ஆக வேண்டும்.

இந்தச் சூட்டைத் தருவது திறந்த நெருப்பு. ஷீட்டுக்கு முன் தரையில் பூசும் பிரைமரின் ஆவி தீப்பற்றும் என்பதால், அது முழுக்கக் காய்ந்து வாடை போகும்வரை டார்ச்சைப் பற்றவைக்கவே கூடாது. காலி டின்களையும் மாடியிலிருந்து இறக்கிவிட வேண்டும். கேஸ் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சுடரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி. சாய்த்து வைத்தால் திரவ வாயு குழாய்க்குள் வந்துவிடும். எனக்கு அதிகம் அச்சம் தருவது சுவரோரம்தான். அங்கே சுடர் விரிசலுக்குள்ளும் குழாய்த் துளைக்குள்ளும் புகுந்து, மறைவில் இருக்கும் மரத்தையோ வயரையோ பற்றி, கண்ணில் படாமல் கனியும். அதனால் தீயணைப்பானைக் கையருகில் வைத்திருப்பதோடு, வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே இருந்து கண்காணிக்க வேண்டும். உருகிய தார் தோலில் ஒட்டினால் உரிக்காமல், 20 நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மேலே ஓடு பதிப்பதற்கு முன், வடிகுழாயை அடைத்து 5 செ.மீ. நீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிந்தால் ஓவர்லேப்புகளை ஒவ்வொன்றாகக் கரணையால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். ஓடு பதித்துவிட்டால் அவற்றை எட்ட வழியில்லை.