அண்ணன் பார்த்துக் கொடுத்தா தப்பா? அசைன்மென்ட் எழுதுறதுக்கு முன்னாடி அனுப்ப வேண்டிய ஒரு மெயில்

(எபிசோட்டின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு மெயிலைப் பத்திதான் பேசப் போறோம். வெளிநாட்டுல படிக்கிற ஒரு மாணவி தன்னோட கோர்ஸ் கோஆர்டினேட்டருக்கு எழுதுற மெயில். "இந்த அசைன்மென்ட்டுக்கு நான் யார்கிட்ட, எவ்வளவு உதவி வாங்கலாம்?" இதுதான் கேள்வி. சின்ன விஷயமா தெரியும், ஆனா இதைக் கேட்காம விட்டதால சிக்கல்ல மாட்டினவங்க உண்டு.

ஒரு ஆளை நானே கற்பனையா வச்சுக்கிறேன். திருச்சுழி பக்கத்துல ஒரு கிராமம். அருப்புக்கோட்டையில ஸ்கூல், மதுரையில சிவில் இன்ஜினியரிங், இப்போ ஆஸ்திரேலியாவுல நீர் மேலாண்மையில மாஸ்டர்ஸ். முதல் செமஸ்டர்ல ஒரு அசைன்மென்ட்: "உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு பாசன அமைப்பைப் பற்றி 2000 வார்த்தைகளில் அறிக்கை." அந்தப் பாடத்தோட மொத்த மார்க்குல 40 சதவீதம் இதுக்குத்தான். அவங்க எதை எடுப்பாங்க? ஊர்க் கண்மாயைத்தான். குண்டாறு ஓடுற அந்த வறண்ட சீமையில, மழை பெஞ்சா மட்டும் நிறையுற கண்மாய்.

இப்போ உதவி நாலு பக்கம் இருந்து வருது. ஊர்ல இருக்கிற சித்தப்பா மடை, கலுங்கு, வரத்துக்கால் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, வாய்ஸ் மெசேஜ்ல விளக்கி அனுப்புறார். மதுரையில இன்ஜினியரா இருக்கிற பெரியப்பா மகன், "கணக்கு ஷீட்டை அனுப்புமா, பார்த்துத் தர்றேன்"ங்கிறார். போன வருஷம் இதே பாடம் படிச்ச சீனியர் அக்கா தன்னோட ரிப்போர்ட்டைத் தர ரெடி. காலேஜ்ல இங்கிலீஷ் எடுத்த மேடம், "அனுப்பு, திருத்தித் தர்றேன்"னு சொல்லிட்டாங்க.

நம்ம ஊர்க் கணக்குப்படி இதுல எதுவுமே தப்பில்ல. அருப்புக்கோட்டையில தறி ஓடுற வீடுகளைப் பாருங்க. நூல் சுத்துறது ஒருத்தர், பாவு போடுறது ஒருத்தர், நெய்யுறது ஒருத்தர். சேலை முடிஞ்சு வரும்போது அது "எங்க வீட்டுச் சேலை". யார் கை எங்கே பட்டதுன்னு யாரும் கேட்கிறதில்ல. ஆனா அசைன்மென்ட்ல பல்கலைக்கழகம் கேட்கிறதே அதைத்தான்: எந்த வேலையில யார் கை பட்டது?

இங்கதான் நமக்கு ஒரு குழப்பம் வரும். இந்தியாவுல காப்பின்னாலே நமக்கு ஞாபகம் வர்றது சதவீதம். யூஜிசி 2018-ல கொண்டுவந்த விதிகள்ல, ஆய்வேடுகளுக்கு 10 சதவீதம் வரைக்கும் பொருத்தம் இருந்தா தண்டனை இல்ல, அதுக்கு மேல போனா படிப்படியா தண்டனைன்னு இருக்கு. அதனால "சாஃப்ட்வேர்ல சதவீதம் கம்மியா வந்தா போதும்"ங்கிற எண்ணம் மனசுல உட்கார்ந்துடுது. ஆனா உங்க அண்ணன் புதுசா உட்கார்ந்து எழுதிக் கொடுத்தா, அதோட பொருத்தம் பூஜ்யமாகூட வரலாம். பல்கலைக்கழகத்துக்கு அதுவும் முறைகேடுதான். ஏன்னா அந்த மார்க், அந்த வேலையை நீங்க செய்ய முடியும்ங்கிறதுக்கான சான்று.

ஆஸ்திரேலியா இதுல இவ்வளவு கறாரா இருக்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு. 2014-ல 'மைமாஸ்டர்'னு ஒரு இணையதளம் காசு வாங்கிட்டு மாணவர்களுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுத்ததைச் சிட்னி பத்திரிகை ஒண்ணு வெளியே கொண்டுவந்துச்சு. பல பல்கலைக்கழக மாணவர்கள் அதுல இருந்தாங்க. அப்புறம் 2020-ல ஒரு சட்டம் வந்தது. காசுக்கு அசைன்மென்ட் எழுதிக் கொடுக்கிறவங்களுக்கு 2 வருஷம் வரைக்கும் சிறை. இங்கிலாந்துலயும் 2022-ல இதே மாதிரி சேவைகளைத் தடை பண்ணிட்டாங்க.

ஆஸ்திரேலியச் சட்டம் பிடிக்கிறது எழுதிக் கொடுக்கிறவங்களை. மாணவர் மேல நடவடிக்கை எடுக்கிறது பல்கலைக்கழகம், அதோட சொந்த விதிப்படி. எச்சரிக்கை, அந்த அசைன்மென்ட்டுக்குப் பூஜ்யம், பாடத்துல ஃபெயில், கொஞ்ச நாள் சஸ்பென்ஷன், கடைசியா நீக்கம்னு போகும். நீக்கம் வரைக்கும் போனா விசாவும் ஆட்டம் காணும். ஏன்னா மாணவர் விசாவுக்கு, கோர்ஸ்ல பதிவுல இருந்தாகணும்ங்கிறது ஒரு நிபந்தனை. எஜுகேஷன் லோன் போட்டு அனுப்பின வீட்டுக்கு இதோட அர்த்தம் என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, நம்ம மாணவியோட நாலு உதவிகளுக்கு வருவோம்.

சித்தப்பா தர்றது தகவல். அது ஒரு ஆதாரம். எங்கிருந்து வந்ததுன்னு குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஊர்ல நாலு விவசாயிகள்கிட்டயும் நீர்பாய்ச்சிகிட்டயும் கேள்வி கேட்டுப் பதிவு பண்ணினா, அது மனிதர்களை வச்சுச் செய்யுற ஆய்வு ஆகிடலாம். அதுக்கு எத்திக்ஸ் அனுமதின்னு தனி நடைமுறை இருக்கு. சித்தப்பாகிட்ட பேசுறது எந்தப் பக்கம் வரும்ங்கிறதைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்.

அண்ணன் உதவி இன்னும் நுணுக்கமானது. கண்மாயில எவ்வளவு தண்ணி நிக்கும்னு நம்ம மாணவி கணக்குப் போடுறாங்க. பரப்பு 40 ஹெக்டேர், அதாவது 4 லட்சம் சதுர மீட்டர். கரை ஓரத்துல ஆழம் 3 மீட்டர். ரெண்டையும் பெருக்கி 12 லட்சம் கன மீட்டர்னு எழுதிட்டாங்க. இது தப்பு. கண்மாய் கரைப் பக்கம்தான் ஆழம், தண்ணி வந்து சேருற பக்கம் போகப் போக மேடு. சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர்னு வச்சாலே விடை 6 லட்சமா குறைஞ்சிடும். இப்போ அண்ணன், "கண்மாய் முழுக்க அதே ஆழமா இருக்கும்?"னு கேட்டு நிறுத்தினா, அது ஒரு ஆசிரியர் கேட்கிற கேள்வி மாதிரி. திருத்துறது மாணவியோட வேலை. அதையே அவர் ஷீட்டைத் திறந்து, எண்ணை மாத்தி, ஃபார்முலா போட்டுத் திருப்பி அனுப்பினா, மார்க் வாங்குறது அண்ணனோட வேலை. ரெண்டுக்கும் பேரு "பார்த்துத் தர்றது"தான். அதனாலதான் அந்த வார்த்தையை வச்சுக் கேட்கக் கூடாது.

சீனியரோட ரிப்போர்ட்டுல ஆபத்து அதிகம். கேள்வி இந்த வருஷமும் அதேன்னா, அதைப் படிச்சுட்டு எழுதுறதுல அமைப்பும் வாதமும் தன்னையறியாம வந்துடும். பல இடங்கள்ல, கொடுத்தவங்களையும் கூட்டு முறைகேட்டுல சேர்ப்பாங்க. அக்காவுக்கும் பிரச்சினை. மாதிரி வேணும்னா கோஆர்டினேட்டர்கிட்டயே கேட்கலாம்.

மேடத்தோட இங்கிலீஷ் திருத்தம்தான் பாடத்துக்குப் பாடம் மாறுறது. பிழையைச் சுட்டிக் காட்டலாம், வாக்கியத்தைத் திருப்பி எழுதக் கூடாதுங்கிறது பரவலான எல்லை. மொழியே மார்க்குக்கு உரியதா இருக்கிற பாடத்துல அதுகூட கூடாதுன்னு சொல்லலாம்.

இப்போ மெயில். பெரும்பாலும் பசங்க எழுதுறது இப்படி: "ரெஸ்பெக்டட் சார், அசைன்மென்ட்டுக்கு வெளியில உதவி வாங்கலாமா?" இதுக்கு வர்ற பதில், "விதிமுறைப் பக்கத்தைப் பார்க்கவும்." அவங்க மேலயும் தப்பு சொல்ல முடியாது. கேள்வியில பதில் சொல்ல ஒண்ணுமே இல்லையே. யார், எந்தக் கட்டத்துல, என்ன செய்வாங்க, என்ன ஃபைல் திரும்பி வரும்னு எழுதினாத்தான் "சரி", "கூடாது"ன்னு பதில் வரும். மெயில் இங்கிலீஷ்லதான் போகும், நான் தமிழ்ல சொல்றேன்:

"வணக்கம் டாக்டர். நான் உங்கள் பாடத்தின் மாணவி. பாடக் குறியீடும் என் மாணவர் எண்ணும் கீழே உள்ளன. இரண்டாவது அசைன்மென்ட்டுக்கு இந்தியாவில் உள்ள என் ஊர்க் கண்மாயை எடுத்திருக்கிறேன். இன்னும் எழுதத் தொடங்கவில்லை. நான்கு விஷயங்களில் உங்கள் அனுமதி எல்லையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒன்று, என் சித்தப்பா கண்மாயின் படங்களையும் விவரங்களையும் தமிழில் அனுப்புவார். மொழிபெயர்ப்பை நானே செய்வேன். அவரை ஆதாரமாகக் குறிப்பிட்டால் போதுமா, எத்திக்ஸ் அனுமதி வேண்டுமா?

இரண்டு, இன்ஜினியரான என் அண்ணன் என் கணக்கைப் படித்துவிட்டு, எங்கே சந்தேகம் என்று வாயால் மட்டும் சொல்வார். ஷீட்டைத் தொட மாட்டார். இது சரியா?

மூன்று, கடந்த ஆண்டு மாணவரின் அறிக்கையை நான் பார்க்கப் போவதில்லை. நீங்கள் அனுமதிக்கும் மாதிரி ஏதும் உண்டா?

நான்கு, என் பழைய ஆசிரியர் இலக்கணப் பிழைகளை அடிக்கோடிட்டுத் தருவார். திருத்துவது நான். இதற்கு அனுமதி உண்டா? அப்படியானால் அறிக்கையில் அவர் உதவியைக் குறிப்பிட வேண்டுமா?"

அவ்வளவுதான். பல்கலைக்கழக மெயில் ஐடியில இருந்து அனுப்புங்க. யாருக்குன்னும் ஒரு தடவை பாருங்க. சில பல்கலைக்கழகங்கள்ல கோர்ஸ்னா முழுப் பட்டப்படிப்பு, சிலதுல ஒரே ஒரு பாடம். இந்த மெயில் அந்தப் பாடத்தை நடத்துறவருக்குப் போகணும். எழுத ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி போகணும். ஏற்கெனவே அண்ணன் ஷீட்டைத் தொட்டுட்டார்னா அதையும் மறைக்காம எழுதிட்டு, சமர்ப்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு கேளுங்க.

பதில் வந்ததும் சேமிச்சு வைங்க. அதுல ரெண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லைன்னா, அந்த ஒண்ணை மட்டும் திரும்பக் கேளுங்க. பதில் வரலைங்கிறதைச் சம்மதம்னு எடுத்துக்க வேணாம். இந்தப் பாடத்துல கிடைச்ச அனுமதி அடுத்த பாடத்துக்குச் செல்லாது. கூடவே, உங்க டிராஃப்ட்டுகளை அழிக்காம வைங்க. தப்பா போட்ட அந்த 12 லட்சம் கணக்குகூட இருக்கட்டும். நாளைக்கு யாராவது "இது நீ செஞ்சதா?"ன்னு கேட்டா, தப்பு பண்ணி, கண்டுபிடிச்சு, 6 லட்சத்துக்கு வந்த பாதைதான் உங்க சாட்சி.

காசு வாங்கிட்டு எழுதித் தர்றவங்க பக்கம் மட்டும் போயிடாதீங்க. "பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிடுவோம்"னு பின்னாடி மிரட்டிப் பணம் பறிக்கிறது அந்தத் தொழில்ல நடக்கிற விஷயம்.

நம்ம மாணவி இன்னைக்கு ராத்திரி அண்ணனுக்கு என்ன மெசேஜ் அனுப்புவாங்க? "அண்ணே, ஷீட் அனுப்பல. கால் பண்றேன், நான் போட்ட கணக்கைச் சொல்றேன், எங்க இடிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுவும் மேடம் பதில் வந்தப்புறம்."

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.