இரண்டு கிதார், ஒரு மெட்டு

ஈகிள்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ பாடல் 1976ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. பாடகரின் குரல் ஓய்ந்த பிறகும் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு அதில் கிதார் ஒலிக்கிறது. முதலில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வதுபோல மாறி மாறி வாசிக்கிறார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில், ஆனால் வெவ்வேறு சுரங்களை வாசிக்கிறார்கள். ராக் இசையில் ‘இரட்டை லீட் கிதார்’ எனப்படுவது இதுதான். மெட்டை ஒருவர் வாசிக்க, அதற்கு இணையான ஹார்மனியை மற்றவர் வாசிக்கிறார்.

கேட்பவருக்கு, இரண்டாமவர் அதே மெட்டைச் சற்று மேலே தூக்கி வாசிப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அப்படி வாசித்தால் இசை கெட்டுவிடும். ஏன் என்பதை நமக்குத் தெரிந்த சுரங்களை வைத்தே பார்க்கலாம்.

மேற்கத்திய இசையின் மேஜர் சுர வரிசையும் நம் சங்கராபரணமும் ஒரே ஏழு சுரங்களைக் கொண்டவை. கிதாரில் ஒவ்வொரு ஃபிரெட்டும் ஓர் அரைச்சுரம். ச-வைப் பூஜ்யம் என்று வைத்து அரைச்சுரங்களை எண்ணினால் ரி 2, க 4, ம 5, ப 7, த 9, நி 11, மேல் ச 12 என்று வரும். ஹார்மனிக்கு அதிகம் பயன்படும் இடைவெளி ‘மூன்றாம் சுரம்’. அதாவது மெட்டின் சுரத்தையும் சேர்த்து எண்ணி, மேலே மூன்றாவதாக வரும் சுரம். ஒருவர் ச ரி க ம ப என்று வாசித்தால் மற்றவர் க ம ப த நி என்று வாசிப்பார்.

இந்த இணைகளின் இடைவெளியைக் கழித்துப் பாருங்கள். ச–க 4 அரைச்சுரம். ஆனால் ரி–ம 3, க–ப 3. பிறகு ம–த 4, ப–நி 4. த, நி ஆகியவற்றுக்கு மேலே மீண்டும் 3. ஆக, ஏழு சுரங்களில் மூன்றுக்கு இடைவெளி 4, நான்குக்கு 3. எல்லாவற்றுக்கும் 4 என்று நிலையாக வைத்தால், ரி-யின் இணை 6ஆம் இடத்தில் விழும். அங்கே இருப்பது பிரதி மத்யமம். இந்த வரிசையின் சுரம் அன்று. எல்லாவற்றுக்கும் 3 என்று வைத்தால் முதல் சுரமான ச-விலேயே பிசகும். அதனால்தான் ஹார்மனி வாசிப்பவர் மெட்டுக்காரரின் விரலமைப்பை அப்படியே சில ஃபிரெட் தள்ளி வைத்துக்கொள்ள முடிவதில்லை. தம் பகுதியைத் தனி மெட்டாகவே கற்க வேண்டியிருக்கிறது.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. பின்னணியில் ச–க–ப என்ற கார்ட், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, ஒலிக்கிறது என்று கொள்வோம். மெட்டு ப-வில் நீண்டு நிற்கிறது. கணக்குப்படி இணை நி. ஆனால் நி அந்தக் கூட்டில் இல்லை; ச-வுக்கு அரைச்சுரமே குறைந்து நின்று அதனுடன் உரசும். வேகமாகக் கடந்து போகும்போது இது தெரியாது. நீட்டி நிற்கும்போது காதில் உறுத்தும். ஆகவே அனுபவமுள்ளவர் அந்த இடத்தில் மட்டும் நி-யை விட்டு மேல் ச-வுக்குப் போவார். ஓடும் சுரங்களுக்குச் சுர வரிசையும் நிற்கும் சுரங்களுக்குக் கார்டும் வழிகாட்டி என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வின் முடிவு முழுவதும் இந்த இரண்டாம் முறையில் அமைந்தது. அங்கே இருவரும் பின்னணியில் மாறிக்கொண்டே வரும் எட்டு கார்டுகளின் சுரங்களைப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். பாடல் பி மைனரில் உள்ளது. அந்த வரிசையில் இருப்பது ஏ என்ற சுரம். ஆனால் எஃப் ஷார்ப் ஏழாம் கார்ட் வரும்போது அதற்கு ஏ ஷார்ப் தேவை. சுர வரிசையை மட்டும் நம்பி வாசித்தால் அந்த இடத்தில் தவறிவிடும்.

இனி, யாருக்கு எந்தப் பகுதி? பல குரல்கள் ஒலிக்கும்போது நம் காது மேலே இருப்பதையே மெட்டு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஹார்மனி மேலே இருந்தால் அதை வாசிப்பவர் ஒலியைச் சற்றுத் தணிக்க வேண்டும். இல்லையேல் ஹார்மனியைக் கீழே அமைக்க வேண்டும். ஆல்மன் பிரதர்ஸ் குழுவில் டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும், தின் லிசி குழுவில் ஸ்காட் கோரமும் பிரையன் ராபர்ட்சனும் இவ்வாறு இணைந்து வாசித்தவர்கள். தின் லிசியின் 1976ஆம் ஆண்டுப் பாடலான ‘தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்’ பாடலில் பல்லவியை அடுத்து வரும் கிதார் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரு கிதாரும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே கணத்தில் நிற்பதால்தான் அது ஒரே கருவிபோல் கேட்கிறது.

மிகக் கடினமான இடம், தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை உயர்த்துவது. மெட்டு க-விலிருந்து ம-வுக்கு ஏறினால் ஓர் அரைச்சுரம் தள்ளினால் போதும். அதே நேரத்தில் ஹார்மனி ப-விலிருந்து த-வுக்கு, இரண்டு அரைச்சுரம் ஏற வேண்டும். ஒருவர் கொஞ்சமாகவும் மற்றவர் அதிகமாகவும் தள்ள வேண்டும். ஆனால் இருவரும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். ஒருவர் முந்தினாலோ சிறிது குறைந்தாலோ தனியாகக் கேட்கும்போது தெரியாத பிழை, சேர்ந்து கேட்கும்போது அப்பட்டமாகத் தெரியும். சுரத்தை அசைக்கும் வேகத்துக்கும் இது பொருந்தும்.

ஒரே கிதாரின் இரு தந்திகளில் ஒருவரே இதை வாசித்தால் என்ன? மெல்லிய ஒலியில் வாசிக்கலாம். ஆனால் ராக் கிதாரின் கரகரப்பான ஒலி, ஆம்ப்ளிஃபயர் ஒலியலையின் வடிவத்தைச் சிதைப்பதால் வருகிறது. 440, 554 ஹெர்ட்ஸ் கொண்ட இரு சுரங்கள் ஒரே ஆம்ப்ளிஃபயருக்குள் சேர்ந்து சிதையும்போது, அவற்றின் வேறுபாடான 114 ஹெர்ட்ஸும் கூட்டுத்தொகையான 994 ஹெர்ட்ஸும் புதிதாகப் பிறக்கின்றன. 440-க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள அதே சுரம் 110 ஹெர்ட்ஸ். 114 அதற்கு அருகில் இருந்தும் பொருந்தாததால் உறுமலாகக் கேட்கிறது. இருவர் தனித்தனி ஆம்ப்ளிஃபயரில் வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தனியாகச் சிதைந்து, காற்றில்தான் கலக்கிறது. உறுமல் வருவதில்லை.

இதை வகுப்பறையில் கேட்டுப் பார்க்க கிதார் தேவையில்லை. ஒரு கீபோர்டோ ஆர்மோனியமோ போதும். ச-வை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு குழுவை ச, க, ப என்று நிறுத்தி நிறுத்திப் பாடச் சொல்லுங்கள். மற்றொரு குழு க, ப, நி என்று பாடட்டும். அடுத்த முறை நி-க்குப் பதிலாக மேல் ச பாடட்டும். கடைசிச் சுரத்தில் எது நிம்மதியாக நிற்கிறது என்று மாணவர்களிடமே கேளுங்கள். கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஏழு சுரங்களுக்கும் மூன்றாம் சுர இடைவெளியை அட்டவணையிட்டு, எங்கே 3, எங்கே 4 வருகிறது என்று தாமே கண்டுபிடிக்கட்டும். அதன் பிறகு அந்தப் பாடலின் இறுதிப் பகுதியை ஒலிக்கவிட்டால், இரண்டு கிதார்களையும் அவர்கள் பிரித்துக் கேட்பார்கள்.