வரி விளம்பரம் எங்கே முடிகிறது?

ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் வரி விளம்பரப் பக்கத்தைப் புரட்டுகிற யாருக்கும், ஒரு விளம்பரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற சந்தேகம் வருவதில்லை. முதல் சொல் தடித்த எழுத்தில் இருக்கும், கடைசியில் போன் நம்பர் இருக்கும், கண் தானாக அங்கே நின்றுவிடும். அதே பக்கத்தைச் செல்போனில் படமெடுத்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தால் நிலைமை வேறு. தடித்த எழுத்து போய்விடும், நடுவிலிருந்த மெல்லிய கோடும் போய்விடும். நாற்பது விளம்பரங்கள் ஒரே நீளமான வாக்கியம் போல வந்து விழும்.

வாடகை வீடு தேடுகிறவர்கள், தரகர்கள், பழைய பேப்பர்களை வைத்து ஒரு பகுதியின் மனை விலை ஏறிய கதையை ஆராய்கிறவர்கள் என்று பலருக்கும் இந்தப் பக்கம் அட்டவணையாக வேண்டியிருக்கிறது. ஒரு விளம்பரத்துக்கு ஒரு வரிசை, அதில் ஊர், அளவு, விலை, போன் என்று தனித்தனிக் கட்டங்கள். தட்டச்சு செய்கிற நேரத்தை மிச்சப்படுத்தத்தான் படம் எடுக்கிறார்கள். ஆனால் பிரிப்பதில் தவறு நேர்ந்தால் ஒருவர் வீட்டின் வாடகை இன்னொருவர் போன் நம்பரோடு ஒட்டிக்கொள்ளும். அட்டவணையைப் பார்த்தால் அது தெரியவே தெரியாது. அதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து.

முதல் தவறு படமெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. முழுப் பக்கமும் ஒரே படத்தில் அடங்கட்டும் என்று எட்டி நின்று எடுப்பார்கள். வரி விளம்பரத்தின் எழுத்து ஏறக்குறைய 6 பாயிண்ட், அதாவது 2 மில்லிமீட்டர் உயரம். நாளிதழின் பக்கமோ அரை மீட்டர் உயரம். 12 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் நீளப்பக்கம் 4000 புள்ளிகள். கணக்குப் போட்டால் ஒரு எழுத்துக்குக் கிடைப்பது பதினேழு புள்ளிகள்தான். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிக்கும், 'டி'யை 'டீ'யாக்கும் சுழிக்கும் அதில் ஒன்றிரண்டு புள்ளிகளே மிஞ்சும். இரண்டு பத்திகள் மட்டும் விழும்படி, ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான பகுதியை நெருங்கி எடுத்தால் அதே எழுத்துக்கு இரண்டு மடங்குக்குமேல் புள்ளிகள் கிடைக்கும். பேப்பரை மேசையில் தட்டையாக விரித்து, கேமராவை நேர்மேலே பிடித்து, கை நிழல் விழாமல் எடுக்க வேண்டும். நியூஸ் பிரிண்ட் தாள் மெல்லியது, பின்பக்க அச்சு நிழலாகத் தெரியும். அடியில் ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் அந்த நிழல் பெருமளவு மறையும்.

அடுத்தது, படத்தைப் பத்தி பத்தியாக வெட்டுவது. இதைச் செய்யாமல் விட்டால் மென்பொருள் இடப்பத்தியின் ஒரு வரியையும் வலப்பத்தியின் ஒரு வரியையும் சேர்த்துப் படித்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் மென்பொருளில் வெட்டிய ஒரு பத்தியைப் படிக்கக் கட்டளை இப்படி:

```
tesseract pathi1.png pathi1 -l tam+eng --psm 6 tsv
```

தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும் என்று நடுவிலுள்ள பகுதி சொல்கிறது. 6 என்ற எண், இது ஒரே சீரான எழுத்துத் தொகுதி என்று சொல்கிறது. கடைசிச் சொல்லான tsv-யைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால் ஒவ்வொரு சொல்லோடும், படத்தில் அது எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அகலம் என்ற அளவும் வரும். பிரிப்பதற்கு இந்த அளவு கட்டாயம் வேண்டும்.

இனி ஒரு பத்தியைப் பார்க்கலாம். இது விளக்கத்துக்காக எழுதிய மாதிரி, எண்களில் சில இலக்கங்கள் X என்று மறைக்கப்பட்டிருக்கின்றன. வரி எண்கள் இடப்பக்கம்.

```
1   குரோம்பேட்டை ஸ்டேஷன் அருகில் 2பெட்ரூம்
2   1வது மாடி கா.பா. வாடகை ₹14,000 அட்.1ல.
3   98XXX XX412 / 94XXX
4   XX530
5   மேடவாக்கம் 1200ச.அ. வ.பா. மனை 48ல.
6   புரோக்கர் வேண்டாம் 90XXX XX076
7   பல்லாவரம் 1பெட்ரூம் தரைதளம் ₹7,500
8   044-22XX XX18/19
9   சேலையூர் கடை வாடகைக்கு மெயின்ரோடு
10  நேரில் வரவும் ஞாயிறு 10-1
11  செம்பாக்கம் 2கி. காலிமனை தெ.மே. கார்னர்
12  கி.75ல. 98XXX XX221
```

இதில் இருப்பவை ஐந்து விளம்பரங்கள். யாருக்கும் முதலில் தோன்றும் வழி, போன் நம்பர் வந்த இடத்தில் வெட்டுவது. வெட்டிப் பார்க்கலாம். குரோம்பேட்டை வீடு முதல் நம்பரோடு ஒரு துண்டு. அதன் இரண்டாவது நம்பர், இரண்டு வரிகளில் உடைந்து கிடப்பது, தனியாக இன்னொரு துண்டு. மேடவாக்கம் மூன்றாவது. பல்லாவரம் நான்காவது, ஆனால் அதன் வாலான '/19' அடுத்ததில் போய் ஒட்டிக்கொள்கிறது. சேலையூர் கடைக்காரர் நம்பரே கொடுக்கவில்லை, அதனால் அந்தக் கடை செம்பாக்கம் மனையோடு சேர்ந்து ஐந்தாவது துண்டாகிறது.

பேப்பரில் ஐந்து, அட்டவணையிலும் ஐந்து. எண்ணிக்கையை மட்டும் சரிபார்க்கிறவர் நிம்மதியாக மூடி வைத்துவிடுவார். உள்ளே ஒரு வீட்டின் நம்பர் அநாதையாக நிற்கிறது, ஒரு கடை இன்னொருவர் மனைக்குள் புதைந்து கிடக்கிறது. அதனால் எத்தனை விளம்பரம் என்று எண்ணுவதோடு விடாமல், ஊர்ப்பெயர் இல்லாத துண்டு உண்டா, இரண்டு ஊர்ப்பெயர் உள்ள துண்டு உண்டா என்றும் தேட வேண்டும். மேலேயுள்ள இரண்டு தவறுகளும் அந்தத் தேடலில் உடனே மாட்டிக்கொள்ளும்.

சரியாக வெட்ட மூன்று அடையாளங்கள் உதவுகின்றன. ஒன்று, வரியின் தொடக்கத்தில் தடித்த எழுத்து. டெசராக்ட் தடிமனை நம்பும்படி சொல்லாது, படத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது, போன் நம்பர். மூன்றாவது பலர் கவனிக்காதது: குறைந்து நிற்கும் வரி. அச்சில் வரிகளைப் பத்தியின் இரு ஓரங்களுக்கும் நிரவி அடுக்குவார்கள். விளம்பரத்தின் கடைசி வரி மட்டும் பாதியில் நின்று, வலப்பக்கம் வெள்ளை விடும். tsv தரும் அளவில், வரியின் கடைசிச் சொல் எங்கே முடிகிறது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். மாதிரியின் 10ஆம் வரியில் நம்பர் இல்லை, ஆனால் அது குறைந்து நிற்கிறது, 11ஆம் வரி தடித்த எழுத்தில் தொடங்குகிறது. இரண்டு அடையாளங்கள் ஒத்துப்போவதால் அங்கே வெட்டலாம்.

எந்த அடையாளத்தையும் தனியாக நம்ப முடியாது. வரிக்குக் காசு என்பதால் விளம்பரம் கொடுப்பவர்கள் கடைசி வரியையும் நிரப்பப் பார்ப்பார்கள், அப்போது வெள்ளை இருக்காது. 'பெருங்களத்தூர் தாம்பரம் அருகில்' என்பதில் தாம்பரம் அடுத்த வரியின் தொடக்கத்துக்குப் போனால், ஊர்ப்பெயரை வைத்து வெட்டுகிறவர் ஏமாந்துபோவார். மூன்றில் இரண்டு பொருந்தினால் வெட்டு, ஒன்று மட்டுமே இருந்தால் படத்தைப் பார் என்ற விதி பெரும்பாலான பத்திகளுக்குப் போதும்.

வெட்டி முடித்த பிறகுதான் சுருக்கங்களை விரிக்க வேண்டும். மொத்தமாக 'பா.' என்பதை எடுத்து 'பார்த்த' என்று மாற்றினால், மேடவாக்கம் மனை சரியாக வடக்கு பார்த்ததாகும், குரோம்பேட்டை வீட்டின் கார் பார்க்கிங் கெட்டுப்போகும். 'கி.' இன்னும் வம்பானது. வேறு விளம்பரங்களில் அது கிழக்கு, செம்பாக்கம் வரியிலோ கிரவுண்டு. சென்னை வழக்கில் ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. ஆக '2கி.' என்பது 4800 சதுர அடி, 'கி.75ல.' என்பது கிரவுண்டுக்கு 75 லட்சம், மொத்தம் ஒன்றரைக் கோடி. இதை மனையின் மொத்த விலை 75 லட்சம் என்று எழுதிவைத்தால், சதுர அடி 3125 ரூபாய்க்குப் போகும் மனை பாதி விலைக்குப் போவதாகத் தோன்றும். எண்ணுக்குப் பின்னால் வரும் 'கி.' அளவு, விலைக்கு முன்னால் வருவது வீதம், 'பா.'வுக்கு முன்னால் வருவது திசை என்று அக்கம்பக்கத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும். எப்படி விரித்தாலும் அச்சில் இருந்த வரியை அப்படியே ஒரு கட்டத்தில் வைத்திருப்பது அவசியம். பின்னால் சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

விலையில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. ரூபாய்க் குறியை மென்பொருள் 7 என்றோ 2 என்றோ படித்துவிடுவதுண்டு. ₹14,000 அப்படி 714,000 ஆனால் பிடிப்பது சுலபம், நம் வழக்கப்படி அது 7,14,000 என்றுதான் அச்சாகியிருக்க வேண்டும். காற்புள்ளி தவறான இடத்தில் இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். பல்லாவரத்தின் ₹7,500 மாறினால் 77,500 ஆகும். அதில் காற்புள்ளி ஒழுங்காகவே இருக்கும். பக்கத்து ஊரில் இரண்டு பெட்ரூம் வீடு 14,000 என்றிருக்கும்போது, ஒரு பெட்ரூமுக்கு 77,500 என்பது பொருந்தாது என்று மனிதக் கண்தான் சொல்ல வேண்டும். அட்டவணையை வாடகையின் ஏறுவரிசையில் அடுக்கி, மேலும் கீழும் உள்ள சில வரிசைகளைப் படத்தோடு ஒப்பிட்டாலே இவை பெரும்பாலும் வெளிவந்துவிடும்.

போன் நம்பரில் அந்த வசதியும் கிடையாது. மொபைல் எண்ணுக்குப் பத்து இலக்கம், தொடக்கம் 6 முதல் 9 வரை. லேண்ட்லைனில் முன்னாலிருக்கும் சுழியத்தை நீக்கினால் ஊர்க்குறியீடும் எண்ணும் சேர்ந்து பத்து: சென்னைக்கு 44-உம் எட்டு இலக்கமும், மதுரைக்கு 452-உம் ஏழு இலக்கமும். பல்லாவரத்தின் '18/19' போல வந்தால், கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் மாறும் இரண்டாவது எண் என்று பொருள், முழுதாக எழுதிவைக்க வேண்டும். எண்ணின் நீளத்தையும் தொடக்கத்தையும் இப்படிச் சோதிக்கலாம், அதோடு சரி. புத்தகங்களின் ஐ.எஸ்.பி.என். எண்ணில் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களைச் சரிபார்க்கும். போன் நம்பரில் அப்படி எதுவும் இல்லை. மை பரவிய தாளில் 3, 8 ஆகவும், 1, 7 ஆகவும் படிக்கப்பட்டால், கிடைப்பது இன்னொருவருடைய முழுமையான, செல்லுபடியாகும் எண். வீடு கேட்டு அழைப்பு போவது சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு.

இதற்கு இரண்டு படங்கள் எடுப்பது உதவும். அதே பத்தியை வேறு வெளிச்சத்தில், வேறு தூரத்தில் இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் தனித்தனியே படிக்கவைத்து, எண்களை மட்டும் ஒப்பிட வேண்டும். வேறுபடும் இலக்கங்களைப் பேப்பரிலேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இரண்டு முறையும் ஒரே தவறு நேர வாய்ப்புண்டு, குறிப்பாக அச்சே கறைபட்டிருந்தால். அதனால் அழைப்பதற்கு முன் ஒருவர் பேப்பரைப் பார்த்து எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் அட்டவணையில் விரல் வைத்துச் சரிபார்க்கும் அச்சகத்துப் பழைய முறை இங்கே இன்னும் தேவைப்படுகிறது. நாற்பது விளம்பரங்களுக்கு அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.