குன்றேறாமா: ஏறுகிறதா, ஏறாதா?

வட்டக்கானலில் டால்பின் நோஸுக்கு இறங்கும் பாதையோரம் ஒரு டீக்கடை. காலை ஏழு மணிக்கு எதிரில் இருந்த சரிவு மஞ்சுக்குள் மறைந்து கிடந்தது. கிளாஸைக் கையில் வாங்கும்போதுதான் பார்த்தேன், பத்தடி தூரத்தில் ஒரு காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. ஆண் மாடு. கணுக்காலுக்கு மேலே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நிறம்.

"அசையாம நில்லுங்க தம்பி, அது பாட்டுக்கு மேல ஏறிப் போயிரும்" என்றார் கடைக்கார அக்கா. அப்படியே போனது. அவ்வளவு கனத்த உடம்பு, செங்குத்தான சரிவில் ஓசையில்லாமல் ஏறிச் சோலைக்குள் மறைந்தது. பல வருடங்களாகப் புத்தகத்தில் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த ஒரு சொற்றொடர் அப்போது நினைவுக்கு வந்தது: குன்றேறாமா.

தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்கள் தந்த எடுத்துக்காட்டு அது. பழந்தமிழில் காட்டுமாட்டுக்கு ஆமா என்று பெயர். குன்று, ஏறு, ஆமா என்று பிரித்தால் மலையேறும் காட்டுமாடு. குன்று, ஏறா, மா என்று பிரித்தால் மலை ஏறாத விலங்கு. எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, பொருள் மட்டும் நேர் எதிராகப் போய்விடுகிறது.

இப்படி ஒரே ஒலித்தொடர் இரண்டு விதமாக உடைவதை ஆங்கிலத்தில் ஓரோனிம் என்கிறார்கள். கைல்ஸ் பிராண்ட்ரெத் 1980இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் வைத்த பெயர் அது. அங்கே எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு 'ஐஸ் கிரீம்', 'ஐ ஸ்கிரீம்' என்ற இணை. ஒன்று தின்பண்டம், மற்றது 'நான் அலறுகிறேன்'. நம் அணி நூல்கள் இதையே வேண்டுமென்று செய்யும்போது பிரிமொழிச் சிலேடை என்கின்றன. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அணியிலக்கணம் அல்ல, எழுத்ததிகாரம். புணரியலின் கடைசி இரண்டு நூற்பாக்கள் இந்தச் சிக்கலை நேராக எடுத்துப் பேசுகின்றன. எழுத்து ஒன்றாக இருந்து பொருள் வேறாகும் புணர்ச்சிகள் இசையால் வேறுபடும் என்கிறது ஒன்று. அவை சொல்பவரின் குறிப்பை ஒட்டிப் பொருள் தருபவை, இன்ன எழுத்துதான் அடையாளம் என்று அவற்றுக்கு விதி வகுக்க முடியாது என்கிறது அடுத்தது. எழுத்தைப் பற்றிய அதிகாரத்திலேயே எழுத்தால் முடியாத இடம் எது என்று கோடு கிழித்துக் காட்டிய அந்த நேர்மையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

எழுத்து கைவிடும் இடத்தில் குரல் என்ன செய்கிறது? முதலில் எளிய சொற்கள். பள்ளி இலக்கணத்தில் பொதுமொழி என்று படித்திருப்போம்: பலகை. ஒரே சொல்லாக எடுத்தால் மரப்பலகை, பிரித்தால் பல கைகள். தாளில் எழுதும்போது நடுவில் இடைவெளி விட்டுக் காட்டுகிறோம். வாய்க்கு இடைவெளி தேவையில்லை. பலகை என்னும்போது நடுவில் வரும் ககரம் இளகிவிடும், கிட்டத்தட்ட 'ஹ' போலவே ஆகிவிடும். பல கை என்னும்போது அதே ககரம் சொல்லின் முதலில் நிற்பதால் 'கல்' என்பதில் வருவதுபோல் வல்லென்று ஒலிக்கும். தமிழ் வல்லெழுத்துகளின் இந்தப் பழக்கம், அதாவது சொல்லின் தொடக்கத்தில் வன்மை, இரண்டு உயிருக்கு நடுவே மென்மை, நமக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல எல்லைக்கல். அதை நாம் எழுதுவதில்லை, ஆனால் கேட்கிறோம்.

வைகை இன்னும் அழகான உதாரணம். பழனி மலையின் தென்சரிவில் இறங்கும் ஓடைகள் சில அந்த ஆற்றில்தான் சேர்கின்றன. குண்டோதரனின் தாகம் தீர்க்க இறைவன் 'வை கை' என்றதும் ஆறு பெருகியது என்பது திருவிளையாடல் கதை. ஆற்றின் பெயரில் ககரம் இளகும், கட்டளையில் வலிக்கும். கதை சொல்லும் பெரியவர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் 'வை' என்று நிறுத்தி, ககரத்தை அழுத்தி, 'கை' என்பார்கள். பெயர்க்காரணத்தை விளக்கத் தங்களை அறியாமலே அவர்கள் எல்லைக்கல்லை நட்டுவிடுகிறார்கள்.

இந்த ஊர்ப்பெயரிலேயே ஒரு எல்லைக்கல் இருக்கிறது. வட்டம், கானல் என்ற இரண்டும் சேரும் இடத்தில் ஒரு க் மிகுகிறது. அந்த ஒற்று இல்லையென்றால் நடுவில் வரும் ககரம் இளகி, கானல் என்ற சொல் தன் முகத்தை இழந்திருக்கும். ஆங்கிலப் பலகையில் இந்த ஒற்றும் போய், 'கா'வின் நெடிலும் போய்விடுகிறது. அதைப் படிக்கிறவருக்குப் பெயரின் பின்பாதி வாய்க்காலைக் குறிக்கும் 'கெனால்' ஆகிவிடுகிறது. கொடைக்கானலை அப்படியே 'கொடை கெனால்' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். ஒலிபெயர்ப்பில் ஒரு மாத்திரை தவறினால் சோலைக்காடு நீர்க்கால்வாயாக மாறுகிறது.

ஐஸ்கிரீமுக்கு வருவோம். அதை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் சொல்லும்போது உதட்டருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். 'கிரீம்' என்று சொல்லைத் தொடங்கினால் ககரத்தோடு மூச்சு வெடித்துக் காகிதம் துடிக்கும். 'ஸ்கிரீம்' என்றால் முன்னால் இருக்கும் ஸகரம் அந்த மூச்சை அடக்கிவிடும். இன்னொரு அடையாளம் முன்னால் வரும் 'ஐ'. ஐஸ் என்ற சொல்லுக்குள் அடைபட்டிருக்கும்போது அது குறுகும், தனிச்சொல்லாக நிற்கும்போது நீளும். இத்தகைய சொல்லெல்லைகளை ஒலியலை வரைபடங்களில் அளந்து இல்சே லேஹிஸ்டே 1960இல் ஒரு நூல் எழுதினார். எல்லை என்று தனியாக ஓர் ஒலி கிடையாது, அக்கம்பக்கத்து ஒலிகளின் நீளத்திலும் மூச்சிலும் அது பதிந்திருக்கிறது என்பதை அந்த வகை ஆய்வுகள் காட்டின.

நம் வாய்க்கு அந்த மூச்சு வெடிப்பு பழக்கமில்லை. அப்படியானால் தமிழர் சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஆகாது. ஸ்கூல் நம் ஊரில் 'இஸ்கூல்' ஆவதைப்போல, சொல்லின் முதலில் ஸகர ஒற்று வந்தால் பலர் வாயில் ஒரு இகரம் முன்னால் வந்து உட்காரும். எனவே அலறல் 'ஐ இஸ்கிரீம்' ஆகும், தின்பண்டம் 'ஐஸ்கிரீம்' ஆகவே இருக்கும். ஆங்கிலேயர் மூச்சால் காட்டும் எல்லையை நாம் ஓர் உயிரெழுத்தால் காட்டுகிறோம். உச்சரிப்புப் பிழை என்று வகுப்பில் திருத்தப்படும் அந்த இகரம், கேட்பவருக்கு ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது.

குன்றேறாமா இவை எல்லாவற்றையும்விடக் கடினம். ஏனென்றால் எல்லை விழும் இடத்தில் இளகவோ வலிக்கவோ ஒரு வல்லெழுத்து இல்லை. எழுதிப் பார்ப்போம்:

குன்றேறு | ஆமா
குன்றேறா | மா

முதலாவதில் ஏறு என்பதன் குற்றியலுகரம் ஆவில் கரைந்து 'றா' ஆகிறது. இரண்டாவதில் 'றா' முதலிலிருந்தே இருக்கிறது. அசைகள் இரண்டிலும் குன், றே, றா, மா. மகரம் சொல்லின் முதலிலும் இடையிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். 'அந்தமான்', 'அந்த மான்' என்ற இணைக்கும் இதே நிலைமைதான்.

மிஞ்சுவது சுருதி. தமிழ்ப் பேச்சில் ஒரு சொல் அல்லது சிறு சொற்றொடர் பொதுவாகத் தாழ்ந்த சுருதியில் தொடங்கி முடிவை நோக்கி ஏறும். எலினார் கீன் போன்றவர்கள் தமிழின் குரலேற்ற இறக்கத்தை ஆராய்ந்து விவரித்திருப்பது இதைத்தான். இதை வைத்து நடுவில் இருக்கும் 'றா'வைக் கவனியுங்கள். மலையேறும் மாட்டில் அது புதுச்சொல்லின் தொடக்கம், ஆகவே குரல் 'றே'யில் ஏறி, 'றா'வில் இறங்கும். மலையேறா விலங்கில் அது சொல்லின் முடிவு, ஆகவே குரல் 'றா'வில் உச்சிக்குப் போய் 'மா'வில் இறங்கும். நிதானமாகச் சொல்பவர் முதலாவதில் குற்றியலுகரத்தையும் முழுதாக விழுங்காமல் ஆவுக்கு முன் தொண்டையை ஒரு கணம் அடைப்பார். தொல்காப்பியர் இசை என்றது இதையும் உள்ளடக்கும் என்றே நான் வாசிக்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் உருவான Praat என்ற இலவச மென்பொருளில் உங்கள் குரலைப் போட்டால் சுருதிக் கோடு திரையில் வரும். அதில் 'றா' பள்ளமா மேடா என்று பார்த்தால் போதும்.

ஆனால் வேகமாகச் சொன்னால் நான்கு அசையும் ஒரே ஏற்றத்தில் போய்விடும். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. அப்போது சூழல் ஒன்றுதான் துணை. உரைகளில் வரும் இன்னொரு எடுத்துக்காட்டு, செம்பொன்பதின்றொடி, இதன் விலையைக் காட்டுகிறது. தொடி என்பது பலம் என்ற பழைய எடை. செம்பு ஒன்பதின் தொடி என்றால் ஒன்பது பலம் செம்பு. செம்பொன் பதின் தொடி என்றால் பத்துப் பலம் பொன். சொல்லுக்குச் சொல் இடம் விடாமல் எழுதிய ஓலையில் இரண்டும் ஒரே வரி. வாயால் சொன்னால், நிறுத்திச் சொல்கிறவர் 'ஒன்பது' என்பதை 'வொன்பது' போலத் தொடங்குவார். பொன் என்று முடித்துப் பதினைத் தொடங்குகிறவர் பகரத்தை வலிப்பார். அந்த இரண்டும் இல்லையென்றால் எதிரே தராசுத் தட்டில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டியதுதான்.

அன்று டீக்கடையில் உட்கார்ந்தே குன்றேறாமாவை இரண்டு விதமாகவும் கைப்பேசியில் பதிந்தேன். முதலாவதை அக்காவிடம் போட்டுக் காட்டி என்ன கேட்கிறது என்றேன்.

"குன்று ஏற... ஆமாவா? யாரோ ஏறலாமான்னு கேக்குறாங்க, ஆமான்னு பதில் சொல்றாங்களா?"

குரலில் 'றா' சரியாகத்தான் இறங்கியிருந்தது. ஆமா ஒரு தனிச்சொல்லாகத் தொடங்குவதும் அவர் காதில் விழுந்துவிட்டது. அந்த ஒலியில் அவரிடம் இருந்த சொல் 'ஆமாம்' ஒன்றுதான். எல்லையைக் கேட்பதற்கு, எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"காலையில மேல ஏறிப் போச்சே, அந்தக் காட்டுமாட்டுக்கு அந்தக் காலத்துல ஆமான்னு பேருக்கா" என்றேன்.

அவர் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "இன்னொரு தடவ போடுங்க."

போட்டேன். கேட்டுவிட்டுச் சரிவைப் பார்த்தார். "சரிதான், ஏறுது." பிறகு இரண்டாவதைப் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "இது வேற மாடு. ஏறாதது."