உயரம் மட்டும் போதுமா? குறைந்த உயரமுள்ள விளையாட்டு வீரர்களின் வகுப்புப் பிரிவும் அளவீட்டு முறையும்

பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வயது 18, உயரம் 141 செ.மீ. அரசு வழங்கிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அவரிடம் இருக்கிறது. அட்டை இருப்பதால் பாரா தடகளத்தில் கலந்துகொள்ளலாம் என்று நம்பிய உடற்கல்வி ஆசிரியர், சில மாதங்கள் அவருக்குக் குண்டு எறிதல் பயிற்சி கொடுக்கிறார். போட்டிக்கு முந்தைய வகைப்படுத்தலில் அந்த மாணவிக்குத் தகுதி இல்லை என்று முடிவாகிறது. ஆசிரியர், மாணவி, பெற்றோர் எவரும் தவறு செய்யவில்லை. இரண்டு வெவ்வேறு விதிகளை ஒன்றாக நினைத்ததுதான் சிக்கல்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உயரக் குறைவை ஒரு மாற்றுத்திறனாகப் பட்டியலிடுகிறது. மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் வளர்ந்தவரின் உயரம் 147 செ.மீ. (4 அடி 10 அங்குலம்) அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் அவர் இந்தப் பிரிவில் வருவார். இந்த வரையறை கல்வி, வேலைவாய்ப்பு, உதவித்தொகை போன்ற உரிமைகளுக்கானது. விளையாட்டுத் தகுதியை முடிவு செய்வது அந்தந்த விளையாட்டின் பன்னாட்டு அமைப்பு. தடகளத்தில் பெண்களுக்கான உச்ச வரம்பு 137 செ.மீ. எனவே 141 செ.மீ. உயரமுள்ள மாணவிக்குச் சட்டப்படி உரிமைகள் உண்டு. பாரா தடகளத்தின் உயரக் குறைவுப் பிரிவில் இடம் இல்லை.

மூன்று அளவுகள், ஒரு முடிவு

2024 பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் ஆண்களுக்கான ஈட்டி எறிதலில் ஹரியானாவைச் சேர்ந்த நவ்தீப் சிங் 47.32 மீட்டர் எறிந்து தங்கம் பெற்றார். அவர் போட்டியிட்ட பிரிவு எஃப்-41. அதே பாரிஸில் பெண்களுக்கான பாரா பூப்பந்தில் எஸ்.எச்-6 பிரிவில் தமிழகத்தின் நித்ய ஸ்ரீ வெண்கலம் வென்றார். இரண்டும் உயரக் குறைவு உள்ளவர்களுக்கான பிரிவுகள். ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென்று தனி வகுப்புகளை வைத்திருப்பதால், ஒரு விளையாட்டின் வகுப்பை வைத்து மற்றொன்றுக்குத் தகுதி என்று கருதக் கூடாது. இக்கட்டுரையில் தடகளத்தை மட்டும் பார்ப்போம்.

தடகளத்தில் உயரக் குறைவுக்கு 40, 41 என்ற இரண்டு எண்கள் உள்ளன. எண்ணுக்கு முன் ‘டி’ என்று இருந்தால் ஓட்டமும் தாண்டுதலும். ‘எஃப்’ என்று இருந்தால் எறிதல். 40 என்பது உயரம் மிகவும் குறைந்தவர்களுக்கான வகுப்பு. இவ்வகுப்புகளுக்கான உச்ச வரம்புகள் செ.மீ. அளவில்:

| வகுப்பு | நின்ற உயரம் | கை நீளம் | இரண்டின் கூட்டுத்தொகை |
|---|---|---|---|
| ஆண்கள் 40 | 130 | 59 | 180 |
| ஆண்கள் 41 | 145 | 66 | 200 |
| பெண்கள் 40 | 125 | 57 | 173 |
| பெண்கள் 41 | 137 | 63 | 190 |

ஒரு வகுப்பில் இடம் பெற, அந்த வரிசையில் உள்ள மூன்று வரம்புகளுக்கும் உள்ளே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தாண்டினாலும் அந்த வகுப்பு கிடைக்காது.

கூட்டுத்தொகை எதற்கு?

உயரமும் கை நீளமும் தனித்தனியே அளக்கப்பட்ட பிறகு, அவற்றைக் கூட்டி இன்னொரு வரம்பு வைப்பது ஏன் என்ற கேள்வி எழலாம். அட்டவணையை மீண்டும் பாருங்கள். ஆண்கள் 41இல் 145ஐயும் 66ஐயும் கூட்டினால் 211 வருகிறது. ஆனால் வரம்பு 200தான். இரண்டு அளவுகளும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்க முடியாது என்பதே இதன் பொருள்.

உயரக் குறைவுக்கான காரணங்களில் பலரும் அறிந்தது அகான்ட்ரோபிளாசியா என்னும் மரபணு நிலை. இதில் கை, கால் எலும்புகள் குறுகியிருக்கும். உடற்பகுதி ஏறக்குறைய இயல்பான நீளத்தில் இருக்கும். வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டில் நிலைமை வேறு. அங்கு உடல் முழுவதும் ஒரே விகிதத்தில் சிறியதாக இருக்கும். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை குட்டையாகவும் மற்றவருக்கு நீளமாகவும் இருக்கலாம். ஈட்டியின் வேகம் கை சுழலும் வட்டத்தின் நீளத்தைச் சார்ந்தது என்பதால், உயரத்தை மட்டும் பார்த்தால் இருவரையும் சமமாக நிறுத்த முடியாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 140 செ.மீ. உயரமுள்ள இரண்டு இளைஞர்கள் இருக்கிறார்கள். முதல்வரின் கை நீளம் 56 செ.மீ. கூட்டுத்தொகை 196. மூன்று வரம்புகளுக்கும் உள்ளே இருப்பதால் அவருக்கு 41ஆம் வகுப்பு. இரண்டாமவரின் கை 62 செ.மீ. உயரம் 145க்குள், கை 66க்குள் இருக்கிறது. ஆனால் கூட்டுத்தொகை 202. அவருக்குத் தகுதி இல்லை.

இது அரிதாக நிகழ்வது அன்று. சராசரி விகிதமுள்ள உடலில் தோள் முனையிலிருந்து விரல் நுனி வரையான நீளம் உயரத்தில் ஏறக்குறைய 44 விழுக்காடு. அந்த விகிதத்தில் உடல் அமைந்த ஆண் ஏறக்குறைய 139 செ.மீ. உயரத்தைத் தாண்டும்போதே கூட்டுத்தொகை 200ஐக் கடந்துவிடும். 145 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஆசிரியர் இங்கேதான் ஏமாறுகிறார்.

இதே கணக்கு இரண்டு வகுப்புகளுக்கு இடையிலும் வேலை செய்கிறது. 129 செ.மீ. உயரமும் 53 செ.மீ. கை நீளமும் உள்ள ஆண் 40ஆம் வகுப்பின் முதல் இரண்டு வரம்புகளுக்குள் வருகிறார். கூட்டுத்தொகை 182 ஆவதால் அவர் 41ஆம் வகுப்புக்குச் செல்வார்.

அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

அதிகாரபூர்வ அளவீட்டை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற வகைப்படுத்துநர்கள். ஆசிரியர் எடுப்பது முன்னோட்ட அளவு மட்டுமே. அந்த முன்னோட்டம் சரியாக இருந்தால்தான் மாணவருக்கு வீண் நம்பிக்கையோ வீண் ஏமாற்றமோ ஏற்படாது.

உயரத்தை வெறுங்காலில், சுவரில் நிலையாகப் பொருத்திய அளவுகோலில், சமதளத் தரையில் அளக்க வேண்டும். கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே கிடைக்கோட்டில் இருக்கும்படி மாணவர் நேராகப் பார்க்க வேண்டும். தலை மேல் வைக்கும் பலகை முடியை அழுத்தி மண்டையைத் தொட வேண்டும். பின்தலை, முதுகு, பிட்டம், குதிகால் எல்லாமே சுவரைத் தொட வேண்டும் என்று நாம் வழக்கமாகச் சொல்வோம். அகான்ட்ரோபிளாசியா உள்ள மாணவருக்குத் தலை சற்றுப் பெரியதாகவும் கீழ் முதுகு உள்நோக்கி வளைந்தும் இருக்கும். எல்லாவற்றையும் சுவரில் ஒட்டவைக்க முயன்றால் முகவாய் கீழிறங்கி அளவு குறையும். பார்வைக் கோடு சரியாக இருப்பதே முக்கியம். காலையில் இருக்கும் உயரம் மாலையில் ஏறக்குறைய ஒரு செ.மீ. வரை குறையலாம் என்பதால் அளந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கை நீளத்தில்தான் பெரிய தவறுகள் நேர்கின்றன. தோள்பட்டை எலும்பின் வெளி முனையிலிருந்து மிக நீளமான விரலின் நுனி வரை அளக்க வேண்டும். கழுத்தெலும்பை ஒட்டி விரலால் வெளிப்பக்கம் தடவிச் சென்றால், தோளின் ஓரத்தில் எலும்பு முடியும் இடம் கைக்குத் தட்டுப்படும். அதுவே தொடக்கப் புள்ளி. கை உடலோடு ஒட்டித் தொங்க, விரல்கள் நீட்டியிருக்க, அளவு நாடா நேராகச் செல்ல வேண்டும். நகத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சிலருக்கு முழங்கை முழுமையாக நீளாது; அதை வலிந்து நேராக்காமல் குறிப்பில் எழுதுங்கள். இரண்டு கைகளையும் அளந்து இரண்டு எண்களையும் பதிவு செய்யுங்கள்.

தையற்கடை வழக்கத்தில் அக்குளிலிருந்து அளப்பவர்களும் உண்டு. மேலே பார்த்த இரண்டாவது இளைஞரை அப்படி அளந்தால் 62க்குப் பதிலாக 52 என்று வரக்கூடும். கூட்டுத்தொகை 192 ஆகி அவர் தகுதி பெற்றவர்போலத் தோன்றுவார். உண்மை அளவு வெளிப்படுவது போட்டி நடக்கும் ஊரில்தான். இதைத் தவிர்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கை நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். உடல் விகிதம் இயல்பாகத் தெரியும் ஒருவருக்கு விடை 0.44இலிருந்து வெகுவாக விலகியிருந்தால் மீண்டும் அளக்க வேண்டும்.

வளரும் குழந்தைக்கு இந்த அட்டவணை பொருந்தாது

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 10 வயதுக் குழந்தையின் நடு உயரம் ஏறக்குறைய 138 செ.மீ. அப்படியானால் ஐந்தாம் வகுப்பில் உள்ள இயல்பான சிறுவர்களில் பெரும்பாலோர் 145 என்ற வரம்புக்குள் வந்துவிடுவார்கள். வரம்புகள் வளர்ந்து முடிந்தவர்களுக்கானவை. உயரக் குறைவை உண்டாக்கும் நிலையான மருத்துவக் காரணம் ஆவணங்களுடன் உறுதியான பிறகே அளவுகள் கணக்கில் வரும். இளம் வயதில் வகுப்பு வழங்கப்பட்டாலும் அது மறு ஆய்வுக்கு உரியது. வளர்ச்சி முடியும்வரை மீண்டும் மீண்டும் அளப்பார்கள். 15 வயதில் 40ஆம் வகுப்பில் இருந்த மாணவர் 18 வயதில் 41க்கு மாறலாம். தகுதியை இழக்கவும் கூடும். பயிற்சியைத் தொடங்கும்போதே இதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. வகுப்பிலேயே மிகவும் சிறியவராகத் தெரியும் குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு போன்ற, சிகிச்சைக்கு வாய்ப்புள்ள காரணங்கள் இருக்கலாம். எலும்பின் வளர்ச்சிப் பகுதிகள் மூடிக்கொண்ட பிறகு அந்த வாய்ப்பு போய்விடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வாருங்கள். பருவமடைவதற்கு முந்தைய வயதில் ஓர் ஆண்டில் 4 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தால், பள்ளிக்கு வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழுவிடம் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள். அந்தக் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது மருத்துவரின் பரிசோதனை. விளையாட்டு வகுப்பைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

பதிவேட்டில் என்ன இருக்க வேண்டும்?

வகைப்படுத்தலுக்கு அனுப்பும் முன் ஒரே தாளில் இவற்றை எழுதி வைக்கலாம்: மாணவரின் பிறந்த தேதி, மருத்துவர் எழுதிய நோயறிதலின் பெயர், நின்ற உயரம், இரண்டு கைகளின் நீளம், கூட்டுத்தொகை, அளந்த தேதியும் நேரமும். ஒவ்வோர் அளவையும் இருமுறை எடுத்து, அரை செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் மூன்றாம் முறை எடுங்கள். கூட்டுத்தொகை வரம்பிலிருந்து ஒரு செ.மீ.க்குள் இருந்தால் ‘தகுதி உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ நாம் சொல்ல வேண்டாம். ‘எல்லையில் இருக்கிறது, வகைப்படுத்துநர் முடிவு செய்வார்’ என்று சொல்வதே நேர்மையானது.

தொடக்கத்தில் பார்த்த மாணவிக்கு முதல் நாளிலேயே இந்தத் தாள் நிரப்பப்பட்டிருந்தால், 141 என்ற எண்ணுக்கு எதிரே 137 என்ற எண் தெரிந்திருக்கும். பொதுப் பிரிவிலேயே அவருக்கு ஏற்ற விளையாட்டை அன்றே தேர்ந்தெடுத்திருக்கலாம்.