மாத்திரையை நிறுத்திய பிறகு வராத மாதவிடாய்

"மாத்திரை போட்ட வரைக்கும் 28 நாளைக்கு ஒரு தடவை சரியா வந்துச்சு டாக்டர். நிறுத்தின மாசமும் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் வரவே இல்லை." கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். மாத்திரைதான் உடம்பைக் கெடுத்துவிட்டது என்ற முடிவுக்கு வீட்டில் உள்ளவர்கள் அதற்கு முன்பே வந்திருப்பார்கள். உண்மையில், மாத்திரை போட்ட காலத்தில் மாதாமாதம் வந்த அந்த உதிரப்போக்கு மாதவிடாயே அல்ல. நிறுத்திய மாதம் வந்ததும் அல்ல. இது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதியில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையையே எடுத்துக்கொள்வோம். அதில் 28 மாத்திரைகள். 21 மாத்திரைகளில்தான் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் இருக்கின்றன. மற்ற 7 மாத்திரைகளும் வெறும் இரும்புச்சத்து. இந்த ஹார்மோன்கள் தினமும் உள்ளே போகும்போது, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவுகளைக் குறைத்துக்கொள்கிறது. அதனால் அந்த மாதம் கருமுட்டை வளர்ந்து வெடிப்பதில்லை. கருத்தரிப்பு தடைபடுவது முக்கியமாக இதனால்தான். இரும்பு மாத்திரைக்கு மாறியதும் ஹார்மோன் சட்டென்று நின்றுபோகிறது. அதன் தாங்குதல் இல்லாமல் கர்ப்பப்பையின் உட்சுவர் உதிர்கிறது. வெளியே பார்த்தால் மாதவிடாய் போலவே இருக்கும். ஆனால் சினைப்பை அந்த மாதம் வேலையே செய்யவில்லை. 28 நாள் என்ற ஒழுங்கு அட்டையின் ஒழுங்கு, உடம்பின் ஒழுங்கு அல்ல.

கடைசி மாத்திரையை விழுங்கிய இரண்டு, மூன்று நாளில் இப்படி ஒரு உதிரப்போக்கு வரும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதன் பிறகு பிட்யூட்டரி விழித்துக்கொண்டு சினைப்பைக்கு மறுபடி உத்தரவு அனுப்ப வேண்டும், ஒரு முட்டை வளர வேண்டும், அது வெடிக்க வேண்டும். இதற்குப் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முட்டை வெடித்து ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, கரு தங்கவில்லை என்றால், சொந்த மாதவிடாய் வரும். ஆக, ஜனவரி 10 அன்று கடைசி மாத்திரை போட்டவருக்கு பிப்ரவரி நடுவிலோ கடைசியிலோ வரலாம்; மார்ச் வரை போனாலும் அதிசயமில்லை.

2008-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. அதில் பங்கேற்ற பெண்கள் இடைவெளியே விடாமல் மாத்திரை எடுத்து வந்தவர்கள். மாதாந்திர உதிரப்போக்குக்கும் இடம் கொடுக்காதவர்கள். நிறுத்திய பிறகு கவனிக்கப்பட்ட 187 பேரில் 185 பேருக்கு 90 நாட்களுக்குள் மாதவிடாய் வந்துவிட்டது அல்லது அவர்கள் கருவுற்றுவிட்டார்கள். சரிபாதிப் பேருக்கு 32 நாட்களுக்குள்ளேயே வந்துவிட்டது. ஐந்து வருடம் போட்டால் ஐந்து மாதம் வராது என்பது போன்ற கணக்குகளுக்கு ஆதாரம் இல்லை. மாத்திரையின் ஹார்மோன் சில நாட்களில் உடம்பைவிட்டு வெளியேறிவிடும். அது சேர்ந்துகொண்டே போவதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி மட்டும் வேறு கதை. அந்த மருந்து தசையில் தங்கி மெல்ல மெல்லக் கசிவது. கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்ப ஏழிலிருந்து பத்து மாதம் ஆகலாம். ஊசி போட்டுக்கொண்ட உறவினரின் அனுபவத்தை வைத்து மாத்திரைக்காரர் பயப்பட வேண்டியதில்லை.

முதல் மாதவிடாய் வந்துவிட்டால் உடனே எல்லாம் சீராகிவிடும் என்றும் சொல்ல முடியாது. முதல் சில மாதங்கள் 35 நாள், 40 நாள் என்று இழுக்கலாம். ஒரு மாதம் முட்டையே வெடிக்காமலும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பெண்களின் சுழற்சிகளைத் தொடர்ந்து குறித்துப் பார்த்த ஒரு ஜெர்மானிய ஆய்வில், ஒன்பது சுழற்சிகள் வரைகூட இந்த நீட்சி சிறிதளவு தெரிந்தது. நாள் தள்ளினாலும் வந்துகொண்டிருக்கிறது என்றால் காத்திருக்கலாம். மூன்று மாதமாக அறவே வரவில்லை என்றால்தான் காரணம் தேட வேண்டும்.

நம் ஊரில் இது அடிக்கடி எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட, மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணும் நிலைமைகளைச் சேர்த்து ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 27. பதினெட்டு வயதில் அவருக்கு 45 நாள், 60 நாள் என்று தள்ளித் தள்ளித்தான் வரும். தாடையில் கொஞ்சம் முடி வளர்ந்தது, முகப்பரு இருந்தது. அம்மா மருத்துவரிடம் அழைத்துப்போக, ஒழுங்குபடுத்த மாத்திரை கொடுத்தார்கள். அது கருத்தடை மாத்திரை என்பதுகூட வீட்டில் பலருக்குத் தெரியாது. 'ரெகுலர் ஆக்குற மாத்திரை' என்றுதான் பேச்சு. பல வருடம் பிசகாமல் வந்தது. கல்யாணமாகி, குழந்தைக்காக ஜனவரியில் நிறுத்தினார். பிப்ரவரி இல்லை, மார்ச் இல்லை. கார்டு டெஸ்டில் ஒரே கோடு. ஏப்ரலில் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, 'வரவைக்கிற' மாத்திரை ஐந்து நாள் போட்டார். நான்காம் நாளே உதிரப்போக்கு வந்தது. நிம்மதி. மே மாதம் மறுபடியும் இல்லை.

மருத்துவரின் முதல் கேள்வி: "மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு எப்படிம்மா வந்துட்டு இருந்துச்சு?"

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. மாத்திரையை நிறுத்தினால் உடம்பு திரும்பிப் போவது மாத்திரைக்கு முன்பிருந்த நிலைமைக்குத்தான். அன்று 60 நாளுக்கு ஒருமுறை வந்தவருக்கு, அதன் காரணம் சரியாகவில்லை என்றால், இன்றும் அப்படித்தான் வரும். மாத்திரை அந்தக் கோளாறை உண்டாக்கவில்லை. அத்தனை வருடமும் அதை மூடி வைத்திருந்தது.

அவருக்குச் செய்யும் பரிசோதனைகள் பெரிய பட்டியல் அல்ல. முதலில் மறுபடி கர்ப்பப் பரிசோதனை. மாதவிடாய் வருவதற்கு முன்பே முட்டை வெடிப்பதால், நிறுத்திய பிறகு ஒருமுறைகூட வராமலே கருவுற முடியும். முதல் கார்டு சீக்கிரம் போட்டதாக இருக்கலாம். பிறகு இரத்தத்தில் தைராய்டு, புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்.; கூடவே ஸ்கேன். நம் உதாரணப் பெண்ணுக்கு தைராய்டு, புரோலாக்டின் இரண்டும் சரி. எஃப்.எஸ்.எச். சாதாரண அளவில் இருப்பதால் சினைப்பையில் முட்டைகள் தீர்ந்துவிடவில்லை. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் சின்னஞ்சிறு முட்டைப் பைகள் நிறைய. பழைய தள்ளிப்போக்கு, முடி வளர்ச்சி, இந்த ஸ்கேன் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பி.சி.ஓ.எஸ்., அதாவது நாம் 'நீர்க்கட்டி' என்று சொல்வது. அவர் நிறுத்தி நான்கு மாதம் கழித்து இந்தச் சோதனைகளைச் செய்துகொண்டதும் நல்லதாயிற்று. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதோ நிறுத்திய உடனேயோ ஆண் ஹார்மோன், ஏ.எம்.எச். போன்றவற்றைப் பார்த்தால் அளவுகள் குறைத்துக் காட்டும். பி.சி.ஓ.எஸ். உண்டா என்று இரத்தத்தில் பார்க்கக் குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும்.

குழந்தை வேண்டும் என்பதால் அவருக்கு உடல் எடையில் ஐந்து சதவீதமாவது குறைக்கச் சொல்வார்கள். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ. அதோடு முட்டை வெடிக்க உதவும் லெட்ரோசோல் மாத்திரை, ஃபோலிக் அமிலம். குழந்தை இப்போது வேண்டாம் என்பவராக இருந்தாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது. பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு மாதவிடாய் வராதபோதும் ஈஸ்ட்ரோஜன் சுரந்துகொண்டே இருக்கும். உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அது புற்றுநோய்க்கும் வழிவிடலாம். அதனால்தான் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறையாவது மருந்து கொடுத்து உதிரவைக்கிறார்கள்.

அந்த மெடிக்கல் ஷாப் மாத்திரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது புரோஜெஸ்டின். அதை நிறுத்தியதும் உதிரப்போக்கு வந்தது என்றால், உடம்பில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, கர்ப்பப்பையின் வழியும் அடைபடவில்லை என்று தெரிகிறது. மருத்துவர் கையில் அது ஒரு துப்பு. ஆனால் முட்டை வெடிக்காததற்கான காரணத்தை அது சரிசெய்வதில்லை. கர்ப்பமா என்று உறுதி செய்யாமல் அதைப் போடுவது தவறு.

இனி, மாத்திரைக்கு முன்பு 28, 30 நாளுக்கு ஒழுங்காக வந்த பெண்ணுக்கு ஐந்து மாதமாக வரவில்லை என்றால் யோசனை வேறு பக்கம் போக வேண்டும். இடையில் எடை மிகவும் குறைந்ததா, பட்டினி கிடந்து கடும் உடற்பயிற்சி செய்தாரா, பெரிய மன அழுத்தமா? அப்படியானால் மூளையே சினைப்பைக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்தியிருக்கலாம். குழந்தைக்குப் பால் கொடுக்காதபோதே மார்பில் பால் கசிகிறதா, தலைவலியும் பார்வை மங்கலும் உண்டா? புரோலாக்டின் கூடியிருக்கலாம். நாற்பது வயதுக்குள் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறதா? சினைப்பை சீக்கிரமே ஓய்ந்துவருவதாக இருக்கலாம். கருக்கலைப்புக்குப் பிறகு கர்ப்பப்பையைச் சுத்தம் செய்திருந்தால் உட்சுவர் ஒட்டிப்போயிருக்கலாம். நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோயையும் மறந்துவிடக் கூடாது. அதற்கு இருமல் இருக்க வேண்டும் என்பதில்லை. மாத்திரை போட்ட காலத்தில் இவற்றில் சில தொடங்கியிருந்தாலும் அட்டையின் உதிரப்போக்கு அவற்றைத் தெரியவிடாது. இந்த அறிகுறிகள் இருப்பவர்கள் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். 35 வயதைத் தாண்டி, குழந்தைக்காக நிறுத்தியவர்களும் அப்படியே.

மாதவிடாய் திரும்பவில்லை, அதனால் கரு தங்காது என்று எண்ணி உறவு வைத்துக்கொண்டு, வேண்டாத நேரத்தில் கருவுறுகிறவர்கள் உண்டு. இப்போது குழந்தை வேண்டாம் என்றால், கடைசி மாத்திரைக்கு அடுத்த நாளிலிருந்தே ஆணுறையோ வேறு வழியோ கட்டாயம்.

இன்று மாத்திரை தொடங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாத்திரைக்கு முன்பு, கடைசியாக உங்களுக்கு மாதவிடாய் வந்த ஐந்தாறு தேதிகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எதற்காக மாத்திரை கொடுத்தார்கள் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு அதே பக்கத்தில் எழுதுங்கள். நிறுத்திய பிறகு நாள் தள்ளினால், அந்தப் பக்கத்தோடு மருத்துவமனைக்குப் போங்கள்.